அதே சாலை, அதே கார், தூரம் மட்டும் கூடுகிறது: 165/80 R14 இருந்த இடத்தில் 185/65 R14

கரூர் வேலன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் காருக்கு நான்கு டயர்களையும் மாற்றினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 165/80 R14 என்றுதான் இருக்கிறது. கடையில் அந்த அளவு இருப்பில் இல்லை என்றும், "ரிம் அதே 14 தானே சார், இது அகலமான டயர், பிடிப்பு நன்றாக இருக்கும்" என்றும் சொல்லி, 185/65 R14 86H என்று எழுதிய நான்கைப் பொருத்திவிட்டார்கள். நானும் பெரிய எண் என்றால் பெரிய டயர் என்று நினைத்து வந்துவிட்டேன்.

வீட்டிலிருந்து அலுவலகம் வரை டிரிப் மீட்டரில் எப்போதும் 42.1 கி.மீ. காட்டும். இப்போது இரண்டு வாரமாக 42.9 காட்டுகிறது. வழியும் மாறவில்லை, நிறுத்துமிடமும் மாறவில்லை. எங்கள் தெரு வேகத்தடையில் வண்டியின் அடிப்பகுதியும் உரசத் தொடங்கியிருக்கிறது. டயர் பெரிதாகியிருந்தால் தூரம் குறைவாக அல்லவா காட்ட வேண்டும்?

நான் போட்ட கணக்கு இது. 14 அங்குலம் என்பது 355.6 மி.மீ. 165-இல் 80 விழுக்காடு 132, கூட்டினால் 487.6. புதிய டயரில் 185-இல் 65 விழுக்காடு 120.25, கூட்டினால் 475.85. ஆக, புதியது சிறியதுதான். இந்த விகிதத்தை 42.1-ஆல் பெருக்கினால் 43.1 வருகிறது. மீட்டர் காட்டும் 42.9-க்கு மிக அருகில் இருப்பதால் கணக்கு சரி என்றே தோன்றுகிறது. மீதி 0.2 எங்கே போனது என்பதை மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

நெடுஞ்சாலைப் பிரியன்

நண்பரே, உங்கள் கணக்கில் அடிப்படைப் பிழை இருக்கிறது. ரிம்முக்கு மேலேயும் பக்கச்சுவர் உண்டு, கீழேயும் உண்டு. அதை இரண்டு முறை கூட்டியாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 185 என்பது சாலையில் படியும் பட்டன் பகுதியின் அகலம். ஆனால் என் காரின் 185 டயரை ஸ்கேல் வைத்து அளந்தபோது 145 மி.மீ.-க்கு மேல் வரவில்லை. அளவில் 40 மி.மீ. குறைத்து விற்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. அகலமே பொய் என்றால், அதில் 65 விழுக்காடு என்று போடும் உயரக் கணக்கும் பொய்தான். எனவே இந்த எண்களை நம்பிக் கணக்குப் போடுவதில் பயனில்லை.

மலர்விழி (கணக்கு ஆசிரியை)

பிரியன் அவர்கள் சொன்னபடி பக்கச்சுவரை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

```
165/80 R14 : 14 × 25.4 + 2 × (165 × 0.80) = 355.6 + 264.0 = 619.6 மி.மீ.
185/65 R14 : 14 × 25.4 + 2 × (185 × 0.65) = 355.6 + 240.5 = 596.1 மி.மீ.
```

விட்டத்தில் 23.5 மி.மீ. குறைவு, அதாவது ஏறத்தாழ 3.8 விழுக்காடு. டயர் சிறிதானால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மீட்டரோ சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது. 42.1-ஐ 619.6-ஆல் பெருக்கி 596.1-ஆல் வகுத்தால் 43.8 வருகிறது.

இங்கேதான் எனக்குச் சங்கடம். தவறான சூத்திரம் 43.1 தருகிறது, சரியான சூத்திரம் 43.8 தருகிறது, மீட்டரோ 42.9 என்கிறது. என் மாணவன் இப்படி ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்தால் எந்த விடைக்கு மதிப்பெண் போடுவேன் என்று தெரியவில்லை. சூத்திரத்தில் ஐயம் இல்லை. கொடுத்த தரவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பழைய டயர்க்காரர்

அம்மாவின் ஐயம் மிகச் சரியானது. 30 ஆண்டுகள் டயர் கடையிலும் அலைன்மென்ட் மேடையிலும் நின்றவன் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வேலன் அவர்களே, 42.1 என்று காட்டிக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் பழைய டயரில் பட்டன் எவ்வளவு மீதமிருந்தது? ஸ்டெப்னி இன்னும் பழைய அளவுதானா? அதைத் தொடாமல் வைத்திருந்தால் பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள். வெர்னியர் இல்லாவிட்டால், ஒரு தீக்குச்சியைச் செங்குத்தாக நுழைத்து, நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் வைத்துப் பார்த்தாலே போதும்.

நாமக்கல் லாரிக்காரர்

இந்தச் சூத்திரத்தை என் வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. என் வண்டியில் 10.00-20. இருபதுடன் இருமுறை பத்தைக் கூட்டினால் 40 அங்குலம், அதாவது 1016 மி.மீ. ஆனால் பட்டன் தேயாத டயரைச் சுவரோரம் நிறுத்தி நூல் பிடித்து அளந்தால் 1050 மி.மீ.-ஐத் தாண்டுகிறது. இப்போது 295/80 R22.5-க்கு மாறலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 22.5 என்பதால் டயர் இன்னும் உயரமாகிவிடும், பாடி தட்டும் என்று கிளீனர் சொல்கிறான். அது உண்மையா?

கரூர் வேலன்

டயர்க்காரர் ஐயா, நீங்கள் கேட்டதை இன்று மாலை அளந்தேன். ஸ்டெப்னி வண்டி வாங்கியபோது வந்த 165/80 R14. தரையைத் தொட்டதே இல்லை. அதில் பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ. கழற்றிய பழைய டயர்களில் இரண்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். அவற்றில் 2 மி.மீ.தான் மீதம் இருக்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானத் திட்டு, பட்டனின் மட்டத்தைத் தொட்டுவிடும் நிலையில் இருக்கிறது.

ஸ்டெப்னியைச் சுற்றித் தையல் டேப்பைப் பிடித்தும் பார்த்தேன். சுற்றளவு 1945 மி.மீ. வந்தது. பையால் வகுத்தால் 619. எழுதிய எண்ணும் அளவும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிரியன் அவர்கள் சொல்வதுபோல் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பழைய டயர்க்காரர்

இனி எளிது. பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண் புதிய டயருக்குரியது. உங்கள் டயர் 6 மி.மீ. தேய்ந்திருந்தது. அது மேலேயும் கீழேயும் போயிருப்பதால் விட்டத்தில் 12 மி.மீ. குறைந்து 607.6 ஆகியிருக்கும். நீங்கள் பழகிப்போன 42.1 என்பது 619.6 மி.மீ. டயர் காட்டியது அல்ல, தேய்ந்துபோன 607.6 மி.மீ. டயர் காட்டியது. இப்போது 42.1-ஐ 607.6-ஆல் பெருக்கி 596.1-ஆல் வகுத்துப் பாருங்கள். 42.9 வரும்.

மூன்று ஆண்டுகளாக அந்த 42.1 மெல்ல மெல்லத்தான் வளர்ந்திருக்கும். ஒரே நாளில் மாறினால் கண்ணில் படும். நாளுக்கு நாள் தேய்ந்தால் யாரும் கவனிப்பதில்லை.

ஒருமுறை கூட்டிய கணக்கு 43.1 என்று பக்கத்தில் வந்து நின்றது தற்செயல்தான். விடை அருகில் வந்துவிட்டது என்பதற்காக வழியை நம்பினால், அடுத்த முறை வேறு அளவு போடும்போது அது கைவிட்டுவிடும்.

அடுத்து பிரியன் அவர்களின் 145 மி.மீ. அந்த 185 என்பது பட்டனின் அகலமே அல்ல. டயரைக் காற்றடித்து நிறுத்தி முன்னால் நின்று பார்த்தால் வயிறு போலப் புடைத்து நிற்கும் இடம் ஒன்று இருக்கும். ஒரு பக்கத்துப் புடைப்பிலிருந்து மறுபக்கத்துப் புடைப்பு வரைக்கும் உள்ள அகலமே அது. எழுத்தும் விளிம்புப் பட்டையும் துருத்திக்கொண்டிருந்தால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாலையில் படியும் பகுதி எப்போதும் அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். உங்களுக்கு 40 மி.மீ. குறைத்து யாரும் விற்கவில்லை.

அந்த அகலமும் எந்த ரிம்மில் பொருத்தி அளப்பது என்பதைப் பொறுத்தது. 185/65 R14-ஐ 5.5 அங்குல அகல ரிம்மில் வைத்து அளந்தால்தான் 185 வரவேண்டும். 165/80 R14-ஐ 4.5 அங்குல அகல ரிம்மில் வைத்து அளக்க வேண்டும். ரிம் அரை அங்குலம் மாறினால் புடைப்பு ஏறத்தாழ 5 மி.மீ. மாறும். வேலன் அவர்களே, உங்கள் இரும்பு ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது?

கரூர் வேலன்

14×5J என்று இருக்கிறது ஐயா. ஸ்டெப்னியின் ரிம்மும் அதுவே.

பழைய டயர்க்காரர்

அப்படியானால் உங்கள் 185 அந்த ரிம்மில் 180 போலச் சுருங்கியிருக்கும். 165 அதே ரிம்மில் 170 போல விரிந்திருக்கும். கடைக்காரர் 20 மி.மீ. கூடுதல் அகலம் என்று விற்றது, உங்கள் ரிம்மில் பாதிதான். இரண்டு நேரான மரச்சட்டங்களை டயரின் இருபுறமும் புடைப்பில் ஒட்டி நிறுத்தி, சட்டங்களுக்கு இடையே டேப் பிடித்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தரையை ஒட்டி அளக்கக் கூடாது. அங்கே பாரத்தில் பிதுங்கியிருக்கும். மேல்பாதியில் அளக்க வேண்டும்.

லாரிக்கார அண்ணனுக்கு: 10.00-20 போன்ற அங்குல அளவில் உயர விழுக்காடு எழுதப்படவே இல்லை. அகலமும் உயரமும் சமம் என்று நாமே வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. அந்த டயரின் உண்மையான அகலமும் 254 மி.மீ. இல்லை, 270-ஐத் தாண்டும். அந்தக் காலத்துப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது, டயர் மட்டும் வளர்ந்துவிட்டது. அத்தகைய அளவுக்கு உற்பத்தியாளரின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். 295/80 R22.5-க்குச் சூத்திரம் பொருந்தும்: 571.5 உடன் 472 சேர்த்தால் 1043.5 மி.மீ. ரிம் பெரிது, டயர் சற்றுக் குள்ளம். கிளீனர் தம்பி பயப்பட வேண்டியதில்லை.

நாமக்கல் லாரிக்காரர்

நன்றி. அப்படியானால் பின்னால் ஜோடியில் ஒன்று பழைய 10.00-20, ஒன்று புது 295 என்று கலந்து போட்டுச் சமாளிக்கலாமா? பத்து மி.மீ.தானே வித்தியாசம்.

பழைய டயர்க்காரர்

வேண்டாம். ரிம்மே வேறு என்பதால் ஜோடியாக நிற்கவும் முடியாது. ஒரே அளவுக்குள்ளேயே கூட, ஜோடியில் புதிதையும் தேய்ந்ததையும் சேர்த்துப் போட்டால் உயரமானது பாரம் முழுவதையும் தூக்கிச் சூடேறும். குள்ளமானது தேய்த்துக்கொண்டே வரும். சுமை ஏற்றி நெடுந்தூரம் போய் நிறுத்தியதும் இரண்டின் மேலும் கையை வைத்துப் பாருங்கள், எது உயரம் என்று கையே சொல்லிவிடும்.

நெடுஞ்சாலைப் பிரியன்

புடைப்பு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். இன்று என் டயரிலும் சட்டம் வைத்து அளந்தேன், 186 வந்தது. நான் சொன்ன குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் வேலன் அவர்களுக்கு மைலேஜ் கட்டாயம் குறைந்திருக்கும். அகலமான டயர் உராய்வு அதிகம். இதில் என் கருத்து மாறவில்லை.

கரூர் வேலன்

மைலேஜ் முன்பும் 18.5, இப்போதும் 18.5. டேங்க் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது மீட்டரில் ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துப் பார்க்கிறேன். எந்த மாற்றமும் இல்லை.

மரச்சட்டம் வைத்து நானும் அளந்தேன். முன்சக்கரத்தில் 181, ஸ்டெப்னியில் 171.

மலர்விழி (கணக்கு ஆசிரியை)

மாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது வேலன். ஓடிய தூரத்தைக் கூடுதலாகக் காட்டும் மீட்டரை வைத்துத்தானே வகுக்கிறீர்கள்? பழைய டயரின் அளவுக்குத் திருத்தினால், 18.5-ஐ 596.1-ஆல் பெருக்கி 607.6-ஆல் வகுக்க வேண்டும். 18.15 வருகிறது. எண் மாறாமல் நின்றதே குறைந்ததற்கு அடையாளம்.

அது அகலத்தால் குறைந்ததா என்பது வேறு கேள்வி. புதிய டயரின் ஆழமான பட்டன், தேய்ந்த டயரைவிட உருளும்போது அதிகமாக நெளியும் என்று படித்திருக்கிறேன். இரண்டையும் இந்த ஒரே எண்ணிலிருந்து பிரிக்க வழியில்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. டேப்பில் 1945 வந்த டயர் ஒரு சுற்றுக்கு 1945 மி.மீ. தூரம்தான் வண்டியை நகர்த்துமா? பாரத்தில் அடிப்பக்கம் தட்டையாகிறதே?

பழைய டயர்க்காரர்

நகர்த்தாது. ரேடியல் டயருக்கு ஒரு சுற்றில் உருளும் தூரத்தை, விட்டத்தைப் பையால் பெருக்காமல் 3.05-ஆல் பெருக்கிக் கணக்கிடுவது வழக்கம். ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். வேலன் அவர்கள் தெருவில் வால்வு கீழே வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியைத் தள்ளி ஐந்து சுற்று ஓடவிட்டு அளக்கட்டும். 596.1-க்கு 9.09 மீட்டர் போல வரவேண்டும். பையால் பெருக்கினால் 9.36 என்று வரும். வித்தியாசம் ஒரு முழத்தில் பாதிக்கு மேல், கண்ணுக்கே தெரியும்.

இரண்டு டயர்களை ஒப்பிடும்போது இந்தக் கவலை வேண்டாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் தட்டையாவதால் வகுக்கும்போது அது அடிபட்டுப்போகும்.

கரூர் வேலன்

பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூட்டித் தள்ளச் சொன்னேன். ஐந்து சுற்றுக்கு 9 மீட்டர் 10 செ.மீ.

ஐயா, இப்போது முக்கியமான கேள்வி. இந்த டயரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? ஸ்டெப்னி வேறு உயரமாக இருக்கிறது.

பழைய டயர்க்காரர்

பாரம் தாங்குவதில் குறையில்லை. 86 என்றால் ஒரு டயருக்கு 530 கிலோ. ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. உங்களுடையது கூட்டித்தான் காட்டுகிறது. 100 என்று முள் நிற்கும்போது நீங்கள் 96-க்கும் குறைவாகத்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆபத்து அங்கே இல்லை.

என் கவலை ஸ்டெப்னிதான். முன் அச்சில் ஒரு பக்கம் 596, மறுபக்கம் 619 என்று ஓடினால், நேர்சாலையிலும் வண்டி ஓயாமல் திரும்பிக்கொண்டிருப்பதாகவே டிஃபரென்ஷியல் நினைக்கும். பங்க்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அகலம்தான் வேண்டும் என்றால் கடைக்காரர் ஓர் எண்ணை மட்டும் மாற்றியிருக்கலாம். 185/70 R14 என்றால் 614.6 மி.மீ.; வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கும். 15 அங்குல அலாய் போட்ட பல கார்களில் 185/65 R15 ஓடும், டிக்கியில் 165/80 R14 ஸ்டெப்னி படுத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 621.5, 619.6. இரண்டு மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. அகலமும் ரிம்மும் விழுக்காடும் மூன்றுமே மாறி, விட்டம் மட்டும் மாறாமல் நிற்கிறது. உங்கள் கடைக்காரர் ரிம்மைப் பிடித்துக்கொண்டு விட்டத்தைக் கோட்டைவிட்டார்.

வேகத்தடையில் உரசுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. புதிய டயரோடு புதிய டயரை ஒப்பிட்டால் வண்டி 11.75 மி.மீ. இறங்கும். ஆனால் நீங்கள் கடைசியாக ஓட்டிக்கொண்டிருந்தது தேய்ந்த டயர். அதோடு ஒப்பிட்டால் 6 மி.மீ.கூட இறங்கவில்லை.

நெடுஞ்சாலைப் பிரியன்

ஆறு மி.மீ. போதும் ஐயா. தொட்டும் தொடாமலும் தாண்டிக்கொண்டிருந்த வண்டி உரசுவதற்கு ஒரு மி.மீ. போதும்.

பழைய டயர்க்காரர்

இருக்கலாம். வண்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கரூர் வேலன்

கடையில் பேசினேன். கதவு ஸ்டிக்கரின் படத்தையும் மலர்விழி அம்மா போட்ட இரண்டு வரிக் கணக்கையும் காட்டினேன். முழுத் தொகையும் கிடைக்காது, ஓடிய டயருக்குக் கழித்துக்கொண்டு மாற்றித் தருகிறோம் என்றார்கள். கொஞ்சம் நட்டம்தான்; ஒப்புக்கொண்டேன். நான்கு 165/80 R14 வரவழைக்கிறார்கள்.

மலர்விழி (கணக்கு ஆசிரியை)

பொருத்துவதற்கு முன்பே ஒன்றை எழுதிவைக்கிறேன். உங்கள் அலுவலகத் தூரம் 42.1-க்குத் திரும்பாது. 42.1-ஐ 607.6-ஆல் பெருக்கி 619.6-ஆல் வகுத்தால் 41.3 வருகிறது. வேறு எண் வந்தால் என் கணக்கில் பிழை என்று இதே இழையில் ஒப்புக்கொள்கிறேன்.

கரூர் வேலன்

நேற்று மாலை பொருத்தினார்கள். இன்று காலை அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் மீட்டரைப் பார்த்தேன். 41.3.

எங்கள் தெரு வேகத்தடையில் இன்றும் உரசியது.